லிங்கசாமி அண்ணனின் கம்ப்யூட்டருக்கு எஃப்சி

லிங்கசாமி அண்ணன் தன் கம்ப்யூட்டருக்குக் கம்பளிப் போர்வை போர்த்தி என் கடைக்குக் கொண்டுவந்தார். குன்னூர் குளிருக்கு மனுஷர்களே போர்த்திக்கொள்ளாத சித்திரை மாதம் அது. மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு, போர்வையை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"இது முடிஞ்சுதுங்க அம்மிணி. இதுக்கு எஃப்சி குடுக்க முடியாதுன்னு உங்க கடை லெட்டர்ல எழுதி, ஒரு சீல் குத்திக் குடுங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

எஃப்சி என்பது வண்டி ஓடத் தகுதியானது என்று சான்று கொடுப்பது. அவருக்கு உலகத்தில் எல்லாமே வண்டிதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி ஏறும் பஸ்ஸை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறவர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட உரசியதில்லை. அதற்காகக் கொடுத்த சான்றிதழை ஜெகதளா ஊரில் தன் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். ஊதுபத்தி இரண்டுக்கும் பொதுவாகத்தான் எரியும்.

அப்படிப்பட்டவர் வார ஓய்வு நாளில் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள். வீட்டுக்குப் போய் லாரி ஓட்டுவார். கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. மேசையில் ஸ்டியரிங்கைப் பூட்டி, காலடியில் பெடலை வைத்து, எங்கோ வெளிநாட்டு ரோட்டில் சரக்கு ஏற்றிப் போக வேண்டும். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு ஐந்து பேர் சேர்ந்து வரிசையாகப் போவார்கள். அதற்குக் கான்வாய் என்று பெயர். சேலத்து வெற்றிச்செல்வன் தலைவர். மற்ற மூவர் எங்கெங்கோ இருக்கிறார்கள். எல்லோரும் அண்ணனுக்கு மகன் வயசு.

"ரெண்டு ஞாயித்துக்கெழமை, ரெண்டு ஆக்சிடென்டுங்க" என்றார். சொல்லும்போது குரல் இறங்கிப்போனது. "வளைவுல ஸ்டியரிங்கை ஒடிக்கறேன், படம் அப்படியே நின்னுபோகுது. மறுக்கா வரும்போது வண்டி பள்ளத்துல கெடக்குது. பின்னால வந்த வெற்றிச்செல்வன் தம்பி வண்டியும் என்ற வண்டி மேல ஏறி, அவரு சரக்கும் போச்சு. கான்வாய் லிஸ்டுல என்ற பேருக்கு நேரா ரெண்டு சிவப்பு. இன்னொண்ணு விழுந்தா ஆளை எடுத்துருவாங்களாம். தப்பு என்னுது இல்லைன்னு காட்டினா அந்தச் சிவப்பை அழிச்சுருவாங்க. அதுக்குத்தானுங்க லெட்டரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டேன். மனுஷன் நிஜமாகவே துக்கத்தில் இருந்தார்.

"லெட்டர் குடுத்தா புதுசு ஒண்ணும் உங்ககிட்டயே எடுத்துக்கறனுங்க" என்று வேறு சொன்னார்.

இந்த இடத்தில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு என்று வாங்கி வைத்த விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று என் கடைக் கண்ணாடிக்குள் ஆறு மாதமாகக் கலர் கலராக விளக்கெரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பார்க்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு வயிறு எரியும். சீல் குத்தியிருந்தால் இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஐந்து நிமிஷ வேலை.

ஆனால் போன வருஷம் ஜெராக்ஸ் கடை அழகர்சாமிக்கு அப்படித்தான் செய்தேன். அவருடைய பழைய பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "இதெல்லாம் இந்தக் காலத்துக்குத் தாங்காதுங்க" என்று சொல்லிப் புதுசு விற்றேன். பழையதில் இருந்த அத்தனை குப்பையையும் அவர் புதுசில் ஏற்றிக்கொண்டார். மூன்றாவது வாரம் புதுசு பழையதைவிட மெதுவாக ஓடியது. அந்த மனுஷன் சண்டை போடவில்லை. "பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போனார். அந்த 'பாருங்கம்மா' இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அளக்காமல் எந்தப் பெட்டியையும் லாயக்கில்லை என்று நான் சொல்வதில்லை.

"அளந்து பாத்துட்டுத்தான் எழுதுவனுங்கண்ணா."

"என்னத்தை அளக்கறது? நின்னுபோகுதுன்னு நாந்தான் சொல்றனே."

"எஃப்சிக்கு வண்டியைக் கொண்டுபோனா, டிரைவர் சொல்றாருன்னு அப்படியே எழுதிக் குடுப்பாங்களா?"

அவர் போர்வையை ஸ்டூலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நான் பெட்டிக்கு இணைப்புக் கொடுத்துத் திரையைப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டதே, கம்ப்யூட்டர் கடைசியாக எப்போது புதிதாகத் தொடங்கியது என்ற கணக்கு. பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளாக அது ஒரு தரம்கூட முழுசாக அணைந்து எழவில்லை. வீட்டிலிருந்து இங்கே வந்ததுகூட தூக்கத்தில்தான். அதன் சிறு பேட்டரிப் பெட்டியையும் சேர்த்துப் போர்வைக்குள் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார் மகராசன்.

"ஏனுங்கண்ணா, ஆஃப் பண்றதே இல்லீங்களா?"

"ஆஃப் பண்ணினா காலையில ஸ்டார்ட் ஆகோணுமில்ல. கோத்தகிரிக் குளுருல டீசல் எஞ்சினை நிறுத்திப் பாருங்க, தெரியும். எறக்கத்துல உட்டுத்தான் எடுக்கோணும். அதான் எல்லாத்தையும் தொறந்து சூடாவே வெச்சிருப்பேன். ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு வந்து உக்காந்தா நேரா கியரைப் போட்டுப் போயிரலாம்."

கம்ப்யூட்டருக்கு எதற்குக் கம்பளிப் போர்வை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஆனால் எண்கள் வரட்டும் என்று பொறுத்தேன்.

பெட்டியில் இருந்தது எட்டு ஜிபி நினைவகம். புரோகிராம்கள் ஓடும்போது உட்கார்ந்துகொள்ளும் இடம் அது. கம்ப்யூட்டர் தனக்கென்று கொஞ்சம் ஒதுக்கியதுபோக ஏழு புள்ளி ஒன்பது புழங்கலாம். லாரி விளையாட்டு இன்னும் தொடங்கவே இல்லை. அதற்குள் ஏழு புள்ளி ஒன்று நிரம்பியிருந்தது.

பத்தொன்பது நாள் ஓடிய பெட்டியை அப்படியே அளந்தால் நியாயமில்லை. எனவே ஒரு தரம் புதிதாகத் தொடங்கி, அவர் வழக்கமாகத் திறந்து வைப்பதை எல்லாம் அவர் கையாலேயே திறக்கச் சொன்னேன். பத்து நிமிஷம் எதையும் தொடாமல் அடங்க விட்டேன். பிறகு பார்த்தால் ஆறு புள்ளி ஆறு. அதை நோட்டில் எழுதினேன்.

"இப்ப ஓட்டுங்கண்ணா. ஆக்சிடென்ட் ஆன அதே ரோடு."

ஸ்டியரிங்கையும் பையில் கொண்டுவந்திருந்தார். என் பில் போடும் மேசையில் பூட்டினோம். ஓட்ட ஆரம்பித்தார். ஓட்டினால் அவர் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துவிடும். திரையில் ஆளே இல்லாத ரோடாக இருந்தாலும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பார். நாலாவது கிலோமீட்டரில் படம் திக்கியது. ஆறாவதில் அப்படியே நின்றது. பக்கத்தில் நான் திறந்து வைத்திருந்த அளவுமானியில் பிராசசர் பாதி வேலைகூடச் செய்யவில்லை. படம் வரையும் கார்டும் சூடாகாமல் நிம்மதியாக இருந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் நூற்றுக்கு நூறில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. படம் திரும்ப வந்தபோது லாரி தடுப்புச் சுவரில் மூக்கைக் கொடுத்து நின்றது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று அவர் என் பக்கம் திரும்பினார். வண்டியை மோதிவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட டிரைவரை நான் கண்டதில்லை. "எழுதுங்க லெட்டரை."

"இது லோடோட ஓட்டினது. இனி காலி வண்டி."

அவர் முகம் மாறியது. காலி வண்டி என்ற சொல் அவருக்கு நன்றாகவே புரிந்துவிட்டது.

முதலில் பிரவுசர். அதில் முப்பத்தேழு பக்கங்கள் திறந்திருந்தன. எல்லாமே யாரோ வெளிநாட்டில் வண்டி ஓட்டி எடுத்த வீடியோக்கள். போகிற ரோட்டை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்கிறாராம்.

"பாத்து முடிச்சா மூட வேண்டியதுதானுங்களே?"

"எல்லாம் பாதி பாத்ததுங்க. பாதி வழியில எப்படி எறக்கி உடறது?"

முப்பத்தேழு பேரையும் பாதி வழியில் இறக்கிவிட்டேன். அளவு ஆறு புள்ளி ஆறிலிருந்து நாலு புள்ளி இரண்டுக்கு வந்தது. பிரவுசர் மட்டுமே இரண்டு புள்ளி நாலு தின்றிருக்கிறது.

அடுத்தது லாஞ்சர்கள். விளையாட்டை வாங்கவும் திறக்கவும் அந்தந்தக் கம்பெனி கொடுக்கும் புரோகிராம் அது. அண்ணனின் லாரிக்கு ஒரு லாஞ்சர் போதும். அவர் மூன்று வைத்திருந்தார். மற்ற இரண்டிலும் இலவசமாக ஏதோ விளையாட்டுத் தருகிறார்கள் என்று வாங்கிப் போட்டிருக்கிறார். ஒன்றையும் ஆடியதில்லை.

"அதைத்தான் நான் மூடிட்டேனே" என்றார்.

"பெருக்கல் குறியை அமுக்கினீங்களா?"

"ஆமாங்க."

"அது மூடலைங்கண்ணா. கீழ கடியாரத்துக்குப் பக்கத்துல போய் ஒளிஞ்சுக்கும். பாருங்க, மூணும் உக்காந்திருக்கு. இதுல ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு குட்டி பிரவுசர் வேற ஓடுது, விளம்பரம் காட்டறதுக்கு."

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக் குனிந்து பார்த்தார். "டிக்கெட் எடுக்காம ஏணியில தொத்திட்டு வந்திருக்கானுங்க" என்றார். மூன்றையும் அங்கிருந்தே வெளியேற்றினேன். நாலு புள்ளி இரண்டு, மூன்று புள்ளி இரண்டானது.

கடைசியாகப் பாதுகாப்பு. வைரஸ் தடுக்கும் புரோகிராம் இரண்டு. ஒன்று பெட்டி வாங்கியபோது கூட வந்தது. காலக்கெடு முடிந்து எட்டு மாதமாகியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தது. மற்றொன்று அவரே பிறகு போட்டது.

"ரெண்டு எதுக்குங்க?"

"என்ன கேள்வி அம்மிணி இது. மேட்டுல வண்டியை நிறுத்தினா கைப்பிரேக்கும் போடறோம், டயருக்குக் கல்லும் வெக்கறோம். ஒண்ணு உட்டாலும் ஒண்ணு புடிக்குமில்ல."

"நிறுத்தின வண்டிக்குச் சரிங்கண்ணா. நீங்க கல்லை எடுக்காமயே ஓட்டறீங்க."

லாரி விளையாட்டு ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் இரண்டு காவல்காரர்களும் தனித்தனியாகச் சோதனை போட்டிருக்கிறார்கள். போதாக்குறைக்குப் புதியது வாராவாரம் முழுச் சோதனை நடத்தும் நேரத்தைப் பார்த்தேன். ஞாயிறு, மூன்று மணி. யார் வைத்த நேரம் என்று கேட்டேன்.

"நாந்தானுங்க. 'கம்ப்யூட்டரை எப்போ உபயோகிப்பீர்கள்'னு கேட்டுது. அந்த நேரத்துல காவல் இருக்கட்டும்னு குடுத்தேன்."

வாய் விட்டுச் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. நல்ல வேளை, அவரும் கொஞ்சம் சிரித்தார். காலக்கெடு முடிந்ததை முழுசாக நீக்கிவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். உயிருள்ளதைத் தொடவில்லை. பாதுகாப்பே இல்லாமல் பெட்டியை ரோட்டில் விடக் கூடாது. அதன் சோதனை நேரத்தை மட்டும் செவ்வாய்க் காலைக்குத் தள்ளினேன். அளவு இரண்டு புள்ளி ஏழு. லாரிக்கு வேண்டிய ஒரே லாஞ்சரைத் திறந்தால் மூன்று. லாரி விளையாட்டு தனியாகக் கேட்பது நாலு புள்ளி ஒன்று. ஆக மொத்தம் ஏழு புள்ளி ஒன்று. பெட்டியில் இருப்பது ஏழு புள்ளி ஒன்பது.

"இருக்குது பாருங்க, புள்ளி எட்டு மிச்சம். தாராளம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஓடும். முன்னாடி ஆறு புள்ளி ஆறு மேல இந்த நாலு புள்ளி ஒண்ணை ஏத்தியிருக்கீங்க. கிட்டத்தட்ட மூணு ஜிபிக்கு உக்கார எடமே இல்லை. அதைக் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்ல எறக்கி எறக்கி ஏத்தியிருக்கு. அதான் நின்னு நின்னு வந்திருக்கு."

"ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமுங்க" என்றார். குரலில் சுரத்து இல்லை.

ஒரு தரம் அல்ல, மூன்று தரம் ஓட்டினார், அதே ரோட்டில். மூன்று தரமும் படம் வெண்ணெயாக ஓடியது. திக்கல் இல்லை, நிற்கவில்லை. அந்த வளைவை மூன்றாவது தரம் திருப்பியபோது எனக்கே கைதட்டத் தோன்றியது. மனுஷன் அவ்வளவு அழகாக ஓட்டுகிறார்.

ஓட்டி முடித்துவிட்டு ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டதே என்று கலங்கிய ஒரே வாடிக்கையாளர் என் கடை வரலாற்றில் அவர்தான்.

"அப்ப வண்டி நல்ல வண்டி" என்றார்.

"நல்ல வண்டிங்கண்ணா."

"அப்ப தப்பு?"

அவர் ஓட்டியதில் தப்பில்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. அது உண்மையும்தான். "படம் நின்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்று இழுத்தேன். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

கடை லெட்டரில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். விளையாட்டுக்கு முன்பே பிரவுசரின் முப்பத்தேழு பக்கம் இவ்வளவு, ஒளிந்திருந்த லாஞ்சர்கள் இவ்வளவு, பாதுகாப்பு இவ்வளவு, அதன் சோதனை நேரம் இது, மிச்சம் இவ்வளவு; இவற்றைக் குறைத்தபின் பெட்டி இந்த விளையாட்டுக்குப் போதும் என்று எழுதிச் சீல் குத்தினேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டுக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்குள் கலர் விளக்கு அதன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. அளக்காமல் எழுதியிருந்தால் இந்நேரம் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்போம்.

மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டரைக்கெல்லாம் ஜெகதளாவுக்குப் பஸ் ஏறிவிட்டேன். அண்ணனின் வீட்டுக்காரம்மா ராஜகுமாரி அக்கா கதவைத் திறந்தார். தேயிலை ஃபேக்டரி ஒன்றில் இலை எடை போடுகிறவர். ஒரு பேச்சுக்கு இரண்டு பேச்சு பேசமாட்டார்.

"மூணு நாளாச் சரியாச் சாப்புடறதில்லைங்க. என்னத்தை எழுதிக் குடுத்தீங்க?"

"உண்மையைத்தானுங்கக்கா."

"அதான் பாத்தேன்" என்று உள்ளே விட்டார்.

அண்ணன் டிப்போவுக்குப் போகிறவர்போலக் குளித்து, திருநீறு பூசி, தலைவாரி உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரை அப்போதுதான் புதிதாகத் தொடங்கியிருந்தார். போர்வை கட்டிலுக்குப் போய்விட்டது. பிரவுசர் இல்லை. ஒரே ஒரு லாஞ்சர். காதில் மைக் மாட்டியிருந்தாலும் மற்றவர்கள் பேசுவது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணா, சேலம் வெற்றி பேசறேன். அந்த சர்டிபிகேட் கெடைச்சுதா? கெடைச்சா ரெண்டையும் மெஷின் கணக்குல போட்டுர்றேன்."

அண்ணன் லெட்டரை விரித்தார். மைக்கைச் சரி செய்துகொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். முப்பத்தேழு பக்கத்தை வாசித்தார். ஆடாத இரண்டு லாஞ்சர் கடியாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்ததை வாசித்தார். ஞாயிறு மூன்று மணிச் சோதனையையும் விடவில்லை. அந்த முனையில் யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் நிற்கவில்லை. என் கடைப் பெயர், சீல், தேதி எல்லாம் முடிந்தபிறகுதான் மடித்தார்.

"சரிண்ணா" என்றான் வெற்றிச்செல்வன். "படம் நின்னது மெஷின்லதானே. மெஷின்னே எழுதிக்கறேன். சிவப்பை எடுத்துர்றேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ராஜகுமாரி அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"வேண்டாமுங்க தம்பி" என்றார் அண்ணன். "நாப்பது பேர் ஏற வேண்டிய பஸ்சுல எழுவது பேரை ஏத்திட்டு, எறக்கத்துல பிரேக் புடிக்கலைன்னு வந்து நிக்கறவனுங்களை நான் டிப்போவுல எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன். வண்டி மேல பழி போடாதேடான்னு நாந்தான் முதல்ல சத்தம் போடுவேன். ஏத்தினது நானு. எறக்காம உட்டதும் நானு. ரெண்டு சிவப்பும் என்ற பேருலயே இருக்கட்டும்."

விளையாட்டு லாரிதான், இல்லாத ரோடுதான், யாரும் சாகவில்லை. ஆனாலும் அவர் சொன்னதில் விளையாட்டு இல்லை.

பிறகு வெற்றிச்செல்வன் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணா, அந்தக் கடியாரத்துக்குப் பக்கத்துல ஒளிஞ்சிருக்கும்னு சொன்னீங்களே, அது எங்க?"

"ஏனுங்க?"

"இல்ல, என்னோட பழைய மெஷினும் இப்படித்தான் நின்னு நின்னு வந்துச்சு. போன மாசம்தான் எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்தேன். புதுசும் ரெண்டு நாளா திக்குதுண்ணா." கொஞ்சம் எண்ணும் சத்தம். "இங்க அஞ்சு இருக்கு."

கான்வாய் அன்றைக்கு மூன்று மணிக்குக் கிளம்பவில்லை. ஐந்து பேரும் அவரவர் வண்டியிலிருந்து ஆள் இறக்கி முடிக்க மூன்றே முக்கால் ஆனது. கிளம்பியபின் ஒன்றேகால் மணி நேர ஓட்டம். அண்ணனின் லாரி கடைசி வளைவையும் திருப்பிச் சரக்கை இறக்கும்வரை நான் நாற்காலி நுனியிலேயே இருந்தேன். மூன்றாவது சிவப்பு விழவில்லை.

அண்ணன் எழுந்து, சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த தாளில் பேனாவால் எழுதினார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். 'விபத்து இல்லாமல் ஓட்டியது' என்று தலைப்பு. முதல் வரியில், பஸ்: இருபத்தாறு வருஷம். அதற்குக் கீழே புதிய மையில், லாரி: ஒரு நாள்.

ராஜகுமாரி அக்கா அதைப் படித்துவிட்டுச் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்.